முதல் ஆண்டு ₹149, அடுத்த ஆண்டு ₹1,499: டொமைன் ப்ரைவசிக்குத் தனியாகப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

உடன்குடி_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். எங்க அக்கா வீட்டிலிருந்தே கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி விற்கிறாள். இதுவரை வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர். இப்போது சின்னதாக ஒரு வலைத்தளம் போடலாம் என்று டொமைன் வாங்கப் போனேன். கேட்ட பெயர் காலியாகவே இருக்கிறது. கூடையில் போட்டதும்தான் குழப்பம்.

முதல் கம்பெனியில் `.com` முதல் ஆண்டுக்கு ₹149. கூடவே "டொமைன் ப்ரைவசி" ₹599 என்று அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். கீழே பொடி எழுத்தில், இரண்டாம் ஆண்டு முதல் டொமைனுக்கு ₹1,499, ப்ரைவசிக்கு அதே ₹599. இன்னொரு கம்பெனியில் `.com` ₹1,050, ரினியூவலும் அதே ₹1,050, ப்ரைவசி அதற்குள்ளேயே அடக்கம். எல்லாவற்றுக்கும் மேல் 18% ஜிஎஸ்டி. முதல் கம்பெனியிலேயே `.shop` ₹89க்குக் கிடைக்கிறது, ஆனால் ரினியூவல் ₹3,400.

எதை எடுப்பது? ப்ரைவசி டிக்கை எடுத்துவிட்டால் அக்காவின் வீட்டு முகவரியும் செல் நம்பரும் ஊருக்கே தெரியுமா? கடை என்று தனியாக ஒன்று கிடையாது, வீடுதான் எல்லாம்.

செங்கல்பட்டு_ராஜா

யோசிக்காமல் ₹149 எடுங்கள் தம்பி. ப்ரைவசி டிக்கை எடுத்துவிடுங்கள். 2018 மே மாதம் ஐரோப்பாவில் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து, டொமைன் யாருடையது என்று தேடிப் பார்க்கும் ஹூயிஸ் பதிவில் யாருடைய பெயரும் நம்பரும் வருவதில்லை. இல்லாத பிரச்சினைக்கு மருந்து விற்கிறார்கள்.

பழனிவேல்_ஆசிரியர்

தம்பி, மூன்று ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிடுங்கள், அதுதான் லாபம். இடமும் கொஞ்சம் அதிகமாகவே எடுங்கள், படங்கள் போட்டால் 1 ஜிபி எல்லாம் பத்தாது. எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத் தளத்துக்கு அப்படித்தான் செய்தோம்.

உடன்குடி_தம்பி

ஐயா, நான் கேட்டது ஹோஸ்டிங் இல்லை, பெயருக்கான பணம் மட்டும். தளத்தை இப்போதைக்கு இலவசமாகவே எங்காவது வைத்துக்கொள்வோம்.

கயல்_சர்வர்

கோவையில் ஒரு ரீசெல்லர் கம்பெனியில் ரினியூவல் டிக்கெட்டுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. தம்பி கொடுத்த விலைகளை வைத்தே மூன்று ஆண்டுக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு ஆண்டு விலையை ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

முதல் கம்பெனி, ப்ரைவசியோடு: முதல் ஆண்டு 149 + 599, ஜிஎஸ்டி சேர்த்து ₹883. அடுத்த இரண்டு ஆண்டும் 1,499 + 599, ஜிஎஸ்டியோடு தலா ₹2,476. மொத்தம் ஏறக்குறைய ₹5,834.

இரண்டாவது கம்பெனி: ஜிஎஸ்டியோடு ஆண்டுக்கு ₹1,239. மூன்று ஆண்டுக்கு ₹3,717.

முதல் கம்பெனி, ப்ரைவசி இல்லாமல்: 176 + 1,769 + 1,769. மொத்தம் ₹3,713 அல்லது ₹3,714.

கடைசி இரண்டையும் பாருங்கள். நாலு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அதாவது ₹149 என்று முதல் ஆண்டில் விட்டதை ரினியூவலில் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் வரும் ₹2,100 சொச்சமும் ப்ரைவசி என்ற ஒரே டிக்கிலிருந்து வருகிறது. அதனால் "எந்த டொமைன் மலிவு" என்று கேட்பதைவிட "அந்த ₹599க்கு என்ன தருகிறாய்" என்று கேட்பதுதான் சரி.

விலை ஏன் இப்படி என்பதற்கும் காரணம் உண்டு. `.com` முழுவதையும் நடத்துவது வெரிசைன். விற்பவர் யாராக இருந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ஆண்டும் அவர்களுக்கு ஒரு மொத்த விலை கட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 10.26 டாலராக உயர்ந்தது. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் கட்டணம் 20 சென்ட் தனி. நம் பணத்தில் ₹900 பக்கம் வருகிறது. முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்ற பேதம் அதில் இல்லை. ஆக ₹149க்கு விற்பவர் உங்களை உள்ளே கொண்டுவரக் கைக்காசைப் போடுகிறார். ₹1,050க்கு விற்பவர் அடக்க விலைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

`.shop` கதை வேறு. அங்கே முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பெரும்பாலும் அந்தப் பின்னொட்டை நடத்தும் நிறுவனமே தருகிறது. ரினியூவலில் மொத்த விலையே அதிகம், அதனால் வேறு கம்பெனிக்கு மாறினாலும் பெரிதாகக் குறையாது. `.com`இல் மாறித் தப்பிக்கலாம், `.shop`இல் அந்த வழி குறைவு. ₹89ஐப் பார்த்து அதை எடுக்காதீர்கள்.

செங்கல்பட்டு_ராஜா

கணக்கு சரிதான் மேடம். ஆனால் நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்: ப்ரைவசி இல்லாமல் எடுத்தால் ₹149 கம்பெனியில் நமக்கு நஷ்டமே இல்லை. பெயரே வெளியில் வராதபோது எதற்கு ₹599?

தையல்_மீனா

ராஜா அண்ணே, எனக்கு வந்ததே. திருப்பூரில் ரெடிமேட் பொட்டிக் வைத்திருக்கிறேன். ப்ரைவசி எடுக்காமல் டொமைன் வாங்கினேன். மறுநாள் காலை கடை திறப்பதற்குள் போன் ஆரம்பித்துவிட்டது. "மேடம், நீங்க புதுசா டொமைன் எடுத்திருக்கீங்க, வெப்சைட் பண்ணித் தரட்டுமா" என்று வட இந்தியாவிலிருந்தெல்லாம் அழைப்பு. டொமைன் பெயரையும் என் முழுப் பெயரையும் சரியாகச் சொல்கிறார்கள். அப்புறம் காசு கட்டி ப்ரைவசி போட்டேன், அழைப்பு நிற்கவே இல்லை. இது 2018க்கு முந்தியது என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இப்போதும் மாதம் ஒன்றிரண்டு வருகிறது.

கயல்_சர்வர்

மீனா சொல்வதில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிப் பகுதி. புதிதாகப் பதிவாகும் பெயர்களின் பட்டியல் தினமும் வெளியே கிடைக்கும். அதை வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடி நம்பரை உருவி, பட்டியலாக விற்பார்கள். ஒருமுறை திறந்து கிடந்தது போதும், பழைய பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளங்களில் அது நிலைத்துவிடும். பிறகு மூடினாலும் பயனில்லை. அதனால் ப்ரைவசி வேண்டும் என்றால் பதிவு செய்யும் அந்த நிமிடத்திலேயே இருக்க வேண்டும்.

ராஜா சொல்வதில் பாதி சரி. 2018க்குப் பிறகு `.com` போன்றவற்றில் தனிநபர் விவரத்தை மறைப்பதுதான் பொது வழக்கம். ஆனால் எல்லாமே மறைவதில்லை. ப்ரைவசி எடுக்காத ஒரு பெயரைத் தேடினால் பெரும்பாலும் இப்படி வரும்:

```
Registrant Name: REDACTED FOR PRIVACY
Registrant Organization: (நீங்கள் எழுதியது)
Registrant Street: REDACTED FOR PRIVACY
Registrant State/Province: Tamil Nadu
Registrant Country: IN
Registrant Phone: REDACTED FOR PRIVACY
```

மாநிலமும் நாடும் தெரிவதால் பெரிய பாதகம் இல்லை. அந்த இரண்டாவது வரிதான் சிக்கல். வீட்டில் தொழில் செய்பவர்கள் நிறுவனம் என்ற கட்டத்தைச் சும்மா விடக் கூடாது என்று தங்கள் முழுப் பெயரையே எழுதிவிடுகிறார்கள். சில கம்பெனிகள் அந்த வரியை அப்படியே காட்டும். இன்னொன்று, ஐரோப்பியர்களுக்கு மட்டும் மறைத்துவிட்டு மற்ற நாட்டவர்களைத் திறந்தே விட்ட கம்பெனிகளும் இருந்தன. அதனால் "யாருக்கும் வராது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனியில் பதிவான வேறு யாருடைய டொமைனையாவது `lookup.icann.org` தளத்தில் போட்டுப் பாருங்கள். தொடர்பு விவரங்கள் எப்படி வருகின்றன என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ப்ரைவசி சேவை இருந்தால் அந்த இடத்தில் வேறொரு பெயர் நிற்கும். நேம்சீப்பில் வாங்கிய பெயர்களில் ஐஸ்லாந்து முகவரியோடு `Withheld for Privacy ehf` என்று பார்த்திருப்பீர்கள். மின்னஞ்சல் இடத்தில் ஒரு மாற்று முகவரி இருக்கும், அதற்கு வருவது உங்கள் பெட்டிக்குத் திருப்பி விடப்படும். அவர்கள் இதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை. மறைக்கும் வேலைக்கு இதற்கு மேல் எதுவும் இல்லை, ₹599 கட்டினாலும் அதே வேலைதான்.

உடன்குடி_தம்பி

அக்கா, அந்த ₹599க்குக் கீழே "டொமைன் திருட்டு, ஸ்பேம், ஹேக்கிங் எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பு" என்று எழுதியிருக்கிறதே?

கயல்_சர்வர்

ஹேக்கிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. உங்கள் தளத்தை யாராவது உடைத்தால் ப்ரைவசி எதுவும் செய்யாது. உலாவியில் பூட்டுச் சின்னம் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழும் இதில் வராது, அது தனி, இலவசமாகவே கிடைக்கும். டொமைன் திருட்டைத் தடுப்பது இரண்டு: கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு போடுவது, டொமைனைப் பூட்டி வைப்பது. தேடிப் பார்க்கும்போது `clientTransferProhibited` என்று ஒரு வரி இருந்தால் பூட்டு போட்டிருக்கிறது என்று பொருள். எல்லாக் கம்பெனியிலும் அது சும்மாவே வரும்.

ஸ்பேம் கொஞ்சம் குறையும், நிற்காது. பெயர் மட்டும் தெரிந்தாலே `info@` என்று முன்னால் சேர்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது உங்களை உலகத்தின் கண்ணிலிருந்து மறைக்கிறது, விற்ற கம்பெனியின் கண்ணிலிருந்து மறைக்கவில்லை. நீதிமன்றம் கேட்டாலும், பெயர் உரிமை குறித்து யாராவது முறைப்படி புகார் கொடுத்தாலும் உண்மை விவரம் போய்விடும். அதனால் பொய்யான பெயரோ நம்பரோ கொடுக்காதீர்கள். வாங்கியதும் ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். 15 நாளுக்குள் அந்த இணைப்பைத் தட்டாவிட்டால் டொமைனையே நிறுத்திவிடுவார்கள். "பணம் கட்டியும் தளம் வரவில்லை" என்று எனக்கு வரும் டிக்கெட்டில் இது அடிக்கடி வருகிற காரணம்.

டொராண்டோ_சுதன்

இங்கே கனடாவில் `.ca` எடுத்தால் தனிநபரின் விவரத்தை அதை நடத்தும் அமைப்பே மறைத்துவிடும், காசு கேட்பதில்லை. பின்னொட்டைப் பொறுத்தும் மாறும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ப்ரைவசியில் ஒரு ஆபத்தையும் யாரும் சொல்லவில்லை. பதிவில் உங்கள் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயர் நிற்கிறது இல்லையா, கம்பெனி மூழ்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற கம்பெனியின் அங்கீகாரத்தை 2007இல் ஐகான் ரத்து செய்தது. அதன் ப்ரைவசி சேவையில் இருந்தவர்களுக்குத்தான் அதிகத் தலைவலி, ஏனென்றால் யார் உண்மையான உரிமையாளர் என்பது பொதுப் பதிவில் இல்லை. ரசீதையும் கணக்கு மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள் தம்பி.

தையல்_மீனா

`.in` எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையா? விலையும் குறைவுதானே?

கயல்_சர்வர்

`.in`ஐ நடத்துவது நிக்ஸி. அதன் விதிப்படி மாற்றுப் பெயர் வைக்கும் ப்ரைவசி சேவைக்கு அனுமதி கிடையாது. ஆனால் பெயர், தெரு, போன் எல்லாவற்றையும் பொதுத் தேடலில் அவர்களே மறைத்துத்தான் காட்டுகிறார்கள். நிறுவனப் பெயர், மாநிலம், நாடு தெரியும். அதனால் `.in`க்கு யாராவது ப்ரைவசி விற்றால் வாங்காதீர்கள்.

பழனிவேல்_ஆசிரியர்

நான் முதலில் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் ரினியூவல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சங்கத்தின் டொமைன் செயலாளர் ஒருவரின் மின்னஞ்சலில் இருந்தது. அவர் வெளிநாடு போனார், அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. காலாவதி அறிவிப்பு வந்தது யாருக்கும் தெரியாது. தளம் வரவில்லை என்று நாங்கள் கவனித்தபோது மீட்புக் கட்டணம் என்று ரினியூவலைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். வசூல் செய்துதான் கட்டினோம். விலை உயர்வைவிட இந்த இடத்தில்தான் காசு போகும்.

கயல்_சர்வர்

ஐயா சொல்வது முக்கியம். `.com` காலாவதியான அன்றே கைவிட்டுப் போகாது. பெரும்பாலான கம்பெனிகள் சில வாரம் வழக்கமான விலையிலேயே புதுப்பிக்க விடும். அதற்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம், ஐயா கட்டியது அதில்தான். அதுவும் போனால் 5 நாளில் அழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி விட்டுவிடுவார்கள். நல்ல பெயராக இருந்தால் அதற்கு முன்பே ஏலத்தில் விடும் கம்பெனிகளும் உண்டு. ஆகவே முதல் சில வாரத்தை நம்பி இருக்கவும் கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல்: ஆட்டோ ரினியூவல் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க மேண்டேட் என்ற முறையான முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி பல அதைச் செய்வதில்லை. ரினியூவல் அன்று கார்டு மறுக்கும், மின்னஞ்சல் வரும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள். கணக்கில் முன்பணம் போட்டு வைக்கும் வசதி இருந்தால் அது மேல்.

உடன்குடி_தம்பி

அப்படியென்றால் ஒரு யோசனை. ₹149க்கு ப்ரைவசி இல்லாமல் எடுத்து, ஆண்டு முடிவதற்குள் ₹1,050 கம்பெனிக்கு மாற்றிவிட்டால்? 176 + 1,239 + 1,239, மொத்தம் ₹2,654 ஆகிறது. மற்ற எல்லாவற்றையும்விட ₹1,000 குறைவு.

செங்கல்பட்டு_ராஜா

அதேதான். நான் இரண்டு டொமைனை அப்படித்தான் ஓட்டுகிறேன். மாற்றும்போது கட்டுகிற பணத்துக்கு ஒரு ஆண்டும் சேர்ந்துவிடும், வீண் இல்லை.

கயல்_சர்வர்

கணக்கு சரி, நடைமுறையில் கொஞ்சம் கவனம் வேண்டும். வாங்கி 60 நாள் ஆகும் வரை மாற்ற முடியாது. பதிவில் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தினாலும் சில கம்பெனிகள் மறுபடி 60 நாள் பூட்டிவிடும். அதனால் விவரத்தைத் திருத்துவதென்றால் மாற்றத்துக்கு வெகு முன்பே செய்துவிடுங்கள். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டை வாங்கி, புதிய கம்பெனியில் கொடுக்க வேண்டும். பழைய கம்பெனி இழுத்தடித்தாலும் பெரும்பாலும் 5 நாளில் முடிந்துவிடும்.

எல்லோரும் சறுக்கும் இடம் வேறு. பெயரைத் தேடுபவர்களுக்குத் தளம் இருக்கும் இடத்தைக் காட்டும் நேம்சர்வர் பழைய கம்பெனியுடையதாக இருந்தால், மாறிய பிறகு அவர்கள் அதை நிறுத்தலாம். பெயர் புதிய இடத்தில் பத்திரமாக இருக்கும், தளமும் மின்னஞ்சலும் மட்டும் வராது. முதலில் அந்த நேம்சர்வரில் இருக்கும் டிஎன்எஸ் பதிவுகளைப் புதிய இடத்தில் எழுதி, நேம்சர்வரை மாற்றி, தளம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டொமைனை மாற்றுங்கள்.

காலாவதி ஆன பிறகு பழைய இடத்தில் ரினியூவல் கட்டிவிட்டு, 45 நாளுக்குள் மாற்றவும் செய்யாதீர்கள். கட்டிய அந்த ஆண்டு கணக்கில் சேராமல் போகும்.

₹1,000க்காக இத்தனையும் செய்ய நேரம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து டொமைன் வைத்திருப்பவர் செய்யலாம். ஒரே டொமைன், அதில்தான் வியாபாரம் என்றால் நான் நேராக ₹1,050க்குப் போவேன்.

செங்கல்பட்டு_ராஜா

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஆண்டுக்கு ஒரு மாலை வேலை, அவ்வளவுதான். முதல் ஆண்டே தொழில் ஓடுமா என்று தெரியாத நிலையில் ₹176 போட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஓடவில்லை என்றால் விட்டுவிடலாம்.

தையல்_மீனா

விட்டுவிடுவதில் ஒரு வில்லங்கம் உண்டு அண்ணே. கருப்பட்டிப் பொட்டலத்தில் அந்தப் பெயரை அச்சடித்த பிறகு விட்டால், வேறு யாராவது அதை எடுத்து எதை வேண்டுமானாலும் போடலாம்.

உடன்குடி_தம்பி

இரண்டு கம்பெனியிலும் பதிவான டொமைன்களை `lookup.icann.org`இல் போட்டுப் பார்த்தேன். ₹149 கம்பெனியில் ஒன்றில் நிறுவனம் என்ற வரியில் ஒருவரின் பெயர் இனிஷியலோடு அப்படியே இருந்தது. ₹1,050 கம்பெனியில் பார்த்த எல்லாவற்றிலும் ப்ரைவசி சேவையின் பெயர்தான். அக்காவிடம் காட்டினேன், "என் பேர் அப்படி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ₹1,050 எடுத்துவிட்டேன், இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து. சரிபார்ப்பு மின்னஞ்சலும் தட்டியாயிற்று. கணக்கு அக்காவின் மின்னஞ்சலில், இரட்டைச் சரிபார்ப்பு என் போனில்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தளத்தின் அடியில் தொடர்புக்கு என்று அக்காவின் செல் நம்பரைப் போட்டால் இத்தனையும் வீண்தானே? ஆர்டருக்குத் தனி சிம் வாங்கிவிடலாமா?

தையல்_மீனா

வாங்கிவிடுங்கள் தம்பி. நான் அதைத்தான் செய்திருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் அந்த போனை அணைத்து வைத்துவிடலாம்.

செங்கல்பட்டு_ராஜா

எதற்கு இன்னொரு சிம்? அதே நம்பரிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கயல்_சர்வர்

அதே நம்பர் என்றால் அதுவும் வெளியே தெரியும் ராஜா. மீனா சொல்வதுதான் சரி. தம்பி, இரண்டு ஆண்டு கட்டிவிட்டீர்கள் என்றாலும், காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் உங்கள் போனிலும் அக்கா போனிலும் நினைவூட்டல் போட்டு வையுங்கள். அந்தத் தேதி `lookup.icann.org` தேடல் பக்கத்தில் `Registry Expiration` என்ற வரியில் இருக்கும். பெட்டியில் வரும் மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம்.

பழனிவேல்_ஆசிரியர்

சில்லுக்கருப்பட்டி கிலோ என்ன விலை தம்பி? தளம் வந்ததும் இங்கே இணைப்பைப் போடுங்கள்.